தடிமனான பட்டை ஏன் முதலில் அறுகிறது: டிரம்மில் சுற்றிய எஃகுப் பட்டையின் வளைவுக் கணக்கு

ஒரு மெல்லிய எஃகுப் பட்டை, டிரம் ஒன்றின் மேல் ஏறி இறங்கிச் சுமை தூக்குகிறது. சில மாதங்களில் பட்டை அறுந்துபோகிறது. "பட்டை மெல்லிசா இருக்கு, அதான் தாங்கலை" என்று சொல்லி, இரண்டு மடங்கு தடிமனில் புதுப் பட்டை போடுகிறார்கள். அது முந்தையதைவிடச் சீக்கிரமாகவே அறுந்துவிடுகிறது. எஃகின் தரம் சரியில்லை என்று பழி போட்டுவிட்டு, இன்னும் தடிமனாக ஒன்றைத் தேடுவார்கள்.

இங்கே குற்றம் எஃகில் இல்லை. தடிமனைக் கூட்டியதுதான் காரணம். இது எப்படி என்று புரிய, சுமையைக் கொஞ்சம் மறந்துவிட்டு, டிரம்மில் சுற்றுவதால் மட்டும் பட்டைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கூடவே கொண்டுபோகலாம். டிரம்மின் விட்டம் 500 மி.மீ., பட்டையின் தடிமன் 0.5 மி.மீ., அகலம் 50 மி.மீ. பட்டையை டிரம்மில் ஒரு முழுச் சுற்று சுற்றியதாக வைத்துக்கொள்வோம். டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்முகத்தின் சுற்றளவு 1570.80 மி.மீ. வெளிமுகம் 501 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கிறது, அதன் சுற்றளவு 1573.94 மி.மீ. சுற்றுவதற்கு முன் தரையில் நேராகக் கிடந்தபோது இரண்டு முகங்களுக்கும் ஒரே நீளம்தான். இப்போது வெளிமுகம் உள்முகத்தைவிட 3.14 மி.மீ. நீளமாக இருந்தே ஆகவேண்டும். வேறு வழியில்லை, வட்டத்தின் வடிவம் அப்படி.

இந்த 3.14 மி.மீ.யை இரண்டு முகங்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. வெளிமுகம் 1.57 மி.மீ. நீள்கிறது, உள்முகம் அதே அளவு சுருங்குகிறது. தடிமனின் சரியான நடுவில் இருக்கும் அடுக்கு மட்டும் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அதன் நீளம் 1572.37 மி.மீ., நேராக இருந்தபோது இருந்த அதே நீளம். இதைத்தான் நடுநிலை அடுக்கு என்கிறோம். வளைவு ஆரம் என்று பேசும்போது அளக்க வேண்டியதும் இந்த அடுக்குவரைதான்: டிரம்மின் ஆரம் 250, அதோடு பாதித் தடிமன் 0.25, ஆக 250.25 மி.மீ.

1572 மி.மீ. நீளத்தில் 1.57 மி.மீ. நீட்சி என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த விகிதம்தான் திரிபு. எஃகை இவ்வளவு நீட்டினால் அதற்குள் எவ்வளவு தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ. பரப்பில் எவ்வளவு விசை, எழும் என்பதை யங் குணகம் சொல்லிவிடும். எஃகுக்கு அது சுமார் 200 ஜிகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 200 மெகாபாஸ்கல். ஒரு கிலோ சுமையைக்கூட இன்னும் தொங்கவிடவில்லை. சும்மா சுற்றி வைத்ததற்கே பட்டையின் வெளிமுகத்தில் 200 மெகாபாஸ்கல் இழுதகைவு வந்துவிட்டது.

```
ε = (t/2) / R = t / (D + t)
σ = E · t / (D + t)  ≈  E · t / D
```

இதில் `ε` திரிபு, `σ` தகைவு, `E` யங் குணகம், `t` தடிமன், `D` டிரம்மின் விட்டம், `R` நடுநிலை அடுக்குவரையிலான வளைவு ஆரம். தடிமன் மிகச் சிறியது என்பதால் கீழே இருக்கும் `+ t`-ஐ விட்டுவிட்டாலும் மோசமில்லை. நம் உதாரணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிசகும்.

இந்தச் சூத்திரத்தில் எது இல்லை என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அகலம் இல்லை. சுமை இல்லை. எஃகின் வலிமையும் இல்லை. கடைசியாகச் சொன்னதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சாதாரண மென் எஃகானாலும் கடினப்படுத்திய ஸ்பிரிங் எஃகானாலும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே உயர்ந்த ரக எஃகு வாங்கிப் போட்டால் வளைவுத் தகைவு ஒரு துளியும் குறையாது, அதைத் தாங்கும் திறன் மட்டும்தான் கூடும். தகைவே குறைய வேண்டுமென்றால் யங் குணகம் குறைந்த உலோகத்துக்குப் போக வேண்டும். டைட்டேனியத்துக்கு அது சுமார் 110 ஜிகாபாஸ்கல். அதே தடிமனில், அதே டிரம்மில் வளைவுத் தகைவு பாதிக்குச் சற்று மேலே நிற்கும்.

இன்னொரு விஷயம் கையை ஏமாற்றும். இந்தப் பட்டையை 250 மி.மீ. ஆரத்துக்கு வளைக்க எவ்வளவு திருப்புத்திறன் வேண்டும்? கணக்குப் போட்டால் 0.42 நியூட்டன் மீட்டர்தான் வருகிறது. ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருப்புகிற அளவு. இரண்டு விரலால் வளைத்துவிடலாம். இவ்வளவு சுலபமாக வளைகிறதே, இதற்குள் என்ன பெரிய தகைவு இருந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வளைக்கத் தேவையான விசை தடிமனின் மும்மடியைப் பொறுத்துக் குறைகிறது, தகைவோ தடிமனின் முதல் மடியை மட்டும் பொறுத்தது. மெல்லிய பட்டை கைக்கு இளக்கமாக இருந்தாலும் அதன் மேல்பரப்பு இறுக்கமாகவே இருக்கும்.

ஒரு திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள சூத்திரம் குறுகலான கம்பிக்குச் சரி. அகலமான பட்டையை வளைக்கும்போது, நீளவாக்கில் நீளும் வெளிமுகம் அகலவாக்கில் சுருங்கப் பார்க்கும். டிரம் தட்டையாக இருப்பதாலும் பட்டை அகலமாக இருப்பதாலும் அது முடியாமல் போகிறது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் நடக்கும், நடுவில் நடக்காது. அந்தத் தடையின் விளைவாக நீளவாக்குத் தகைவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. யங் குணகத்தை `1 − ν²` என்பதால் வகுத்தால் இது கணக்கில் வந்துவிடும். `ν` என்பது பாய்சான் விகிதம், நீளவாக்கில் நீளும்போது அகலவாக்கில் எந்த விகிதத்தில் சுருங்கும் என்பதன் அளவு. எஃகுக்கு அது 0.3. நம் 200 அப்போது 220 ஆகும். எண்கள் சுலபமாக இருக்கட்டும் என்று கீழே 200 என்றே எழுதுகிறேன். உண்மையான வடிவமைப்பில் இந்தப் பத்து சதவீதத்தை விட்டுவிடக் கூடாது.

சரி, இப்போது சுமையைத் தொங்கவிடலாம். 5,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய அரை டன். பட்டையின் குறுக்குவெட்டு 50 × 0.5, அதாவது 25 சதுர மி.மீ. நேர் இழுதகைவு 200 மெகாபாஸ்கல். டிரம்மின் மேல் இருக்கும் பகுதியில் இதோடு வளைவுத் தகைவும் சேர்கிறது. வெளிமுகத்தில் 200 + 200 = 400. உள்முகத்தில் இழுப்பும் அமுக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூச்சியம்.

இனி அந்த "இரண்டு மடங்கு தடிமன்" பட்டைக்கு வருவோம். 1 மி.மீ. தடிமனில் குறுக்குவெட்டு இரட்டிப்பாகிறது, நேர் இழுதகைவு 100-க்கு இறங்குகிறது. பட்டையை மாற்றியவர் எதிர்பார்த்ததும் இதைத்தான். ஆனால் வளைவுத் தகைவு 200-லிருந்து 400-க்கு ஏறிவிட்டது. கூட்டினால் 500. தடிமனாக்கிய பிறகு வெளிமுகத்தின் தகைவு 25 சதவீதம் அதிகம்.

எதிர்த்திசையில் போய், தடிமனைப் பாதியாக்கி 0.25 மி.மீ. ஆக்கினால்? நேர் இழுதகைவு 400, வளைவுத் தகைவு 100. மறுபடியும் 500. ஆக இரண்டு பக்கமும் ஏறுகிறது, நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் அடி எங்கே என்பதற்கு அழகான விடை கிடைக்கிறது: நேர் தகைவும் வளைவுத் தகைவும் சமமாக இருக்கும் இடத்தில்.

```
σ = P/(b·t) + E·t/D
t₀ = √( P·D / (b·E) )
σ₀ = 2 · √( P·E / (b·D) )
```

இதில் `P` சுமை, `b` பட்டையின் அகலம், `t₀` பள்ளத்தின் அடியில் இருக்கும் தடிமன், `σ₀` அங்கே வரும் தகைவு. நம் எண்களைப் போட்டால் `t₀` சரியாக 0.5 மி.மீ. வரும். முதலில் போட்டிருந்த பட்டைதான் இந்தக் கணக்குப்படி மிகச் சிறந்தது. அதன் தடிமனை மாற்றியிருக்கவே வேண்டாம்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. உச்சத் தகைவு 400-லிருந்து 500-க்குப் போனதால் மட்டும் நல்ல ஸ்பிரிங் எஃகுப் பட்டை அறுந்துவிடாது. அதன் மீட்சி எல்லை, அதாவது நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும் தகைவு, 1,000 மெகாபாஸ்கலுக்கு மேல் இருக்கும். பட்டையைக் கொல்வது ஏற்ற இறக்கம்.

பட்டையின் வெளிமுகத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதன் கூடவே பயணம் செய்து பாருங்கள். அந்தப் புள்ளி நேர்ப்பகுதியில் இருக்கும்போது அங்கே நேர் இழுதகைவு மட்டும்தான். டிரம்மில் ஏறும் சில மில்லிமீட்டருக்குள் வளைவுத் தகைவும் வந்து சேர்கிறது. இறங்கியதும் போய்விடுகிறது. 0.5 மி.மீ. பட்டையில் இந்தப் புள்ளி 200-க்கும் 400-க்கும் இடையே ஏறி இறங்குகிறது, வீச்சு 200. 1 மி.மீ. பட்டையில் 100-லிருந்து 500 வரை, வீச்சு 400. 0.25 மி.மீ. பட்டையில் 400-லிருந்து 500 வரை, வீச்சு வெறும் 100.

உலோகச் சோர்வு என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்த வீச்சைப் பொறுத்தது. சராசரித் தகைவுக்கும் பங்கு உண்டு, ஆனால் குறைவு. ஆகவே 1 மி.மீ. பட்டையும் 0.25 மி.மீ. பட்டையும் ஒரே 500-ஐத் தொட்டாலும், ஆயுளில் இரண்டும் பக்கத்தில்கூட நிற்காது. பரப்பு சுத்தமாக இருக்கும் பட்சத்தில் மெல்லியதுதான் வெகுகாலம் ஓடும். அடிக்கடி டிரம்மில் ஏறி இறங்கும் பட்டைக்குச் சமத் தகைவு தரும் தடிமனைவிடக் கொஞ்சம் மெல்லியதாகப் போவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் மெல்லிய பட்டையில் ஒரு கீறலோ துருப்பள்ளமோ தடிமனில் பெரிய பங்கைத் தின்றுவிடும், அதனால் ஓரளவுக்கு மேல் மெலிதாகப் போகவும் முடியாது.

பட்டை இரண்டாவது டிரம் ஒன்றில் எதிர்ப்பக்கமாக வளைந்தால் நிலைமை இன்னும் மோசம். முதல் டிரம்மில் வெளிமுகமாக இருந்து 400-ஐத் தொட்ட அதே பரப்பு, இரண்டாவது டிரம்மில் உள்முகமாகிப் பூச்சியத்துக்கு வருகிறது. வீச்சு 200-லிருந்து 400 ஆகிவிட்டது. எல்லா டிரம்களும் ஒரே பக்கமாக வளைக்கும்படி பாதையை அமைத்தால், பட்டையை மாற்றாமலே ஆயுள் கூடும்.

மரமும் உலோகமும் அறுக்கும் பேண்ட் சா இயந்திரத்திலும் இதே கணக்குதான். பிளேடின் தடிமன் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அந்தத் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. அதை நம் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், திரிபு 0.001, வளைவுத் தகைவு 200 மெகாபாஸ்கல். சின்னச் சக்கரத்தில் தடித்த பிளேடைப் போட்டு ஓட்டினால், வெட்டவே இல்லாமல் சும்மா சுற்றவிட்டாலும் பற்களின் அடிக்குழிவில் விரிசல் தொடங்கும்.

அறுந்த பட்டை கையில் கிடைத்தால் தூக்கிப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சோர்வால் அறுந்திருந்தால், முறிவு நீளவாக்குக்குச் செங்குத்தாக, கிட்டத்தட்ட நேர்கோடாகப் போயிருக்கும். பட்டை அங்கே மெலிந்தோ இழுபட்டோ இருக்காது, இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால் அப்படியே பொருந்தும். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக இருக்கும், சில சமயம் பழுப்பேறியும் இருக்கும். அது விரிசல் மெதுவாக வளர்ந்த இடம். மீதிப் பகுதி சொரசொரப்பாக, புதிதாக மினுங்கும். அது கடைசி நொடியில் பிய்ந்தது. வழவழப்பான பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்று பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் பட்டையின் ஓரத்தில், வெட்டும்போது விட்ட பிசிரிலோ, பிணைப்புக்காகத் துளைத்த ஓட்டையின் விளிம்பிலோ போய் நிற்கும். அந்த ஓரப் பிசிரை நைசான கல்லால் தேய்த்து உருட்டிவிடுவது, மலிவாகச் செய்யக்கூடிய மிகப் பலனுள்ள வேலை.

சுமை அதிகமாகி ஒரே இழுப்பில் அறுந்ததென்றால் அடையாளமே வேறு. அங்கே பட்டை மெலிந்திருக்கும், முறிவு பெரும்பாலும் சாய்வாக ஓடியிருக்கும், துண்டுகள் பொருந்தாது.

இன்னொரு கோளாறு, பட்டை அறுகாமலே வருவது. டிரம்மிலிருந்து கழற்றிய பட்டை நேராகாமல் சுருண்டே நிற்கும். வெளிப்பரப்பு மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. நல்ல விஷயம், எவ்வளவு தாண்டியது என்று அந்தச் சுருளை அளந்தே சொல்லலாம். மென் எஃகுப் பட்டை ஒன்று, அதே 0.5 மி.மீ. தடிமன், மீட்சி எல்லை 250 மெகாபாஸ்கல். அதை 100 மி.மீ. ஆரமுள்ள சின்ன டிரம்மில் சுற்றுகிறோம். மீட்சிச் சூத்திரம் 500 என்று சொல்லும், ஆனால் அந்த எஃகால் 250-க்கு மேல் போக முடியாது. ஆகவே தடிமனின் நடுப்பாதி மட்டும் மீட்சியோடு இருக்கிறது, வெளியே கால் பங்கும் உள்ளே கால் பங்கும் நிரந்தரமாக உருமாறிவிட்டன. விடுவித்ததும் நடுப்பாதி நிமிரப் பார்க்கும், உருமாறிய இரண்டு தோல்களும் அதை முழுதாக நிமிர விடாது.

```
x = R·σy / (E·t)
R / Rf = 4x³ − 3x + 1
```

`σy` என்பது மீட்சி எல்லை, `Rf` என்பது விடுவித்த பிறகு பட்டையில் நிற்கும் ஆரம். இங்கே `x` 0.25, விடை 0.3125. 100-ஐ அதனால் வகுத்தால் 320. பட்டையைத் தரையில் போட்டால் 320 மி.மீ. ஆரமுள்ள வில்லாகக் கிடக்கும். `x` 0.5-ஐத் தொட்டால் விடை பூச்சியம், அதாவது பட்டை முழுக்க நிமிர்ந்துவிடும். அதுதான் மீட்சி எல்லை. உங்கள் பட்டையில் மீதமிருக்கும் வளைவை ஒரு நூலும் அளவுகோலும் வைத்து அளந்துகொண்டு, இதைத் தலைகீழாகப் போட்டால் அந்த எஃகின் உண்மையான மீட்சி எல்லை ஓரளவுக்குத் தெரிந்துவிடும். சுமையே இல்லாமல் சுற்றிய பட்டைக்குத்தான் இந்தக் கணக்கு சரிவரும், இழுத்துச் சுற்றியதற்கு வராது.

இனி தீர்வு. மேலே எழுதிய `σ₀`-ஐ மறுபடி பாருங்கள். அகலமும் டிரம் விட்டமும் ஒரே வர்க்கமூலத்துக்குள், ஒரே நிலையில் இருக்கின்றன. எதை இரட்டிப்பாக்கினாலும், தடிமனையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டால், பலன் ஒன்றே: 400 மெகாபாஸ்கல் 283 ஆகிறது. டிரம்மை 1,000 மி.மீ. ஆக்கினால் தடிமன் 0.71 வேண்டும். அகலத்தை 100 மி.மீ. ஆக்கினால் 0.35. எதற்கு இடம் இருக்கிறதோ அதைச் செய்யலாம். அகலத்தைக் கூட்டும்போது டிரம்மும் பட்டையும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சற்றே கோணலாக ஏறினாலும் அகலப் பட்டையின் ஒரு ஓரமே சுமை முழுவதையும் வாங்கிக்கொள்ளும்.

இரண்டுக்கும் இடமில்லை என்றால் அடுக்குகள். 0.25 மி.மீ. பட்டைகள் இரண்டை ஒட்டாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால், குறுக்குவெட்டு 25 சதுர மி.மீ. அப்படியே இருக்கும், நேர் தகைவு 200. ஆனால் ஒவ்வொன்றும் தன் சொந்த நடுநிலை அடுக்கைச் சுற்றித் தனித்தனியாக வளைவதால் வளைவுத் தகைவு 100 மட்டுமே. மொத்தம் 300. 1834-இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களுக்காக வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பி வடம் செய்தபோது, கனமான ஒற்றைக் கம்பிக்குப் பதில் மெல்லிய கம்பிகள் பலவற்றை முறுக்கினார். அங்கே வடம் வளைந்துகொடுப்பதற்குக் காரணமும் இதுவே, ஒவ்வொரு கம்பியும் தன் சொந்தத் தடிமனுக்கு மட்டும் விலை கொடுக்கிறது.

அடுக்குகளுக்கு ஒரே நிபந்தனை, ஒன்றின்மேல் ஒன்று நழுவ முடிய வேண்டும். அரைச் சுற்றில் மேல் பட்டை கீழ்ப் பட்டையைவிட 0.79 மி.மீ. அதிக தூரம் போகிறது. இரண்டும் ஒரே நீளமாக வெட்டப்பட்டு, இரண்டு முனையிலும் சேர்த்து இறுக்கப்பட்டிருந்தால், அந்த 0.79 மி.மீ.யை மேல் பட்டை நீண்டுதான் சமாளிக்க வேண்டும். 2 மீட்டர் நீளப் பட்டையில் அது இரண்டு அடுக்குகளுக்கும் இடையே சுமார் 79 மெகாபாஸ்கல் வித்தியாசம், மேல் பட்டைக்கு 39 கூடுதல், கீழ்ப் பட்டைக்கு 39 குறைவு. நீளம் குறையக் குறைய இது ஏறும், ஒரு மீட்டரில் இரண்டு மடங்காகி அடுக்கியதன் பலனில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் முனைகளை இறுக்குவதற்கு முன், பட்டைகளை டிரம்மில் சுற்றிப் பொருத்தி, சுமையை லேசாக ஏற்றி, அவை தாமாக நழுவி அமர்ந்த பிறகுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். இடையில் ஒரு பூச்சு மசகும் வேண்டும், அடுக்குகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது மறுபடியும் ஒரே தடித்த பட்டைதான்.